பஸ் ஹாரனுக்கு நாய்ஸ் கேட்டா, நாய்ஸ் ரிடக்‌ஷனா?

கேள்வி: கும்பகோணத்தில் மெயின் ரோட்டை ஒட்டிய வீடு. சின்னப் பிள்ளைகளுக்கான கதைகளை வாசித்து, ஆடாசிட்டியில் பதிவு செய்கிறேன். ஃபேன் சத்தம் எப்போதும் இருக்கிறது, நடுநடுவே பஸ் ஹாரன் வேறு விழுந்துவிடுகிறது. Noise Gate போடுவதா, Noise Reduction போடுவதா? இரண்டையும் போட்டுப் பார்த்தேன். ஹாரன் அப்படியே இருக்கிறது, என் குரல்தான் கெட்டுப்போகிறது.

பதில்:

நீங்கள் பார்த்தது சரிதான். ரோட்டோர வீட்டில் விழும் பஸ் ஹாரனை இந்த இரண்டுமே எடுக்காது. Noise Reduction ஃபேனுக்கு உரியது. Noise Gate, வாக்கியங்களுக்கு இடையே உள்ள மெல்லிய சத்தத்துக்கு உரியது. ஹாரன் மெல்லியதும் இல்லை, ஒரே சீராக ஓடுவதும் இல்லை. எனவே பெரும்பாலான ஹாரன்களைக் கையால்தான் எடுக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் ஹாரனிலேயே ஒரு குறுகிய இடம் உண்டு. அது எந்த இடம் என்று அளந்து பார்த்தே முடிவு செய்யலாம்.

முதலில் அளக்கும் முறை. ஆடாசிட்டியில் ஹாரன் மட்டும் இருக்கும் துண்டைத் தேர்ந்தெடுத்து `Effect` மெனுவில் `Amplify` திறங்கள். பெட்டியில் தானாக ஓர் எண் நிற்கும். அந்தத் துண்டின் உச்சத்தை 0 டெசிபலுக்குக் கொண்டுபோக எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதே அந்த எண். 19.0 என்று காட்டினால், ஹாரனின் உச்சம் −19 டெசிபல். எண்ணைக் குறித்துக்கொண்டு `Cancel` கொடுத்துவிடுங்கள். இதே போல வாய் மூடியிருக்கும் ஓர் இடத்தில் ஃபேனையும், நீங்கள் மிக மெதுவாக முடிக்கும் ஒரு சொல்லின் கடைசி எழுத்தையும் அளந்துகொள்ளுங்கள். 0தான் கூரை. எண் எவ்வளவு கீழே போகிறதோ, சத்தம் அவ்வளவு குறைவு.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டே போவோம். நீங்கள் வாசிப்பது இந்த மூன்று வாக்கியம்: “கிழவி விளக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தெருவில் ஒருவரும் இல்லை. ஆற்றுக்குப் போகிற பாதை முழுக்க ஒரே இருட்டு.” குரலின் உச்சம் −9. “இருட்டு” என்பதன் கடைசி “டு” −34. ஃபேன் −46. இதில் மூன்று ஹாரன் விழுந்திருக்கிறது. “வந்தாள்” முடிந்த இடைவெளியில் வாசலைத் தாண்டிய பஸ்ஸின் ஹாரன், −19. “பாதை முழுக்க” என்ற சொற்களின் மேலேயே இன்னொன்று. “இல்லை”க்குப் பிறகு எங்கோ தொலைவில் ஒன்று, −42. மூன்றுக்கும் மூன்று வைத்தியம்.

### கேட் என்ன செய்கிறது

கேட்டுக்குக் குரல், ஹாரன் என்ற வித்தியாசமே தெரியாது. சத்தத்தின் அளவு மட்டும்தான் தெரியும். நீங்கள் ஓர் எல்லை வைக்கிறீர்கள். அதற்கு மேலே சத்தம் வந்தால் கதவு திறக்கும், கீழே இறங்கினால் மூடும். எல்லையை −38இல் வைத்தால் −46இல் ஓடும் ஃபேன் இடைவெளிகளில் அடங்கிவிடும். ஆனால் −19இல் வரும் ஹாரன் எல்லையைவிட 19 டெசிபல் மேலே நிற்கிறது. குரலுக்குத் திறக்கிற மாதிரியே அதற்கும் கதவு திறந்து வழிவிடும். இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. ஹாரனுக்கு முன்னும் பின்னும் இருந்த ஃபேன் சத்தத்தைக் கேட் அமுக்கிவிட்டதால், சுத்தமான அமைதிக்கு நடுவே ஹாரன் வந்து விழுகிறது. முன்பு ஃபேனோடு கலந்து கேட்டது இப்போது தனியாகக் கேட்கிறது. கேட் போட்ட பிறகு ஹாரன் கூடிவிட்டது போலத் தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

சரி, எல்லையை ஹாரனுக்கு மேலே, −18இல் வைத்தால்? ஹாரன் போகும். அதோடு −18க்குக் கீழே உள்ள உங்கள் குரலும் போகும். “இருட்டு” என்பதில் “இரு” மட்டும் கேட்கும், “ட்டு” காணாமல் போகும். சொல்லின் மேலே விழுந்த ஹாரனுக்கோ இது எதுவுமே செய்யாது. அந்த நேரம் உங்கள் குரலுக்காகக் கதவு எப்படியும் திறந்துதானே இருக்கிறது.

கேட் தமிழ் வாசிப்பைக் கெடுப்பதற்குத் தமிழுக்கே உரிய இரண்டு காரணங்கள் உண்டு. ஆங்கிலப் பேச்சுக்கு என்று யாரோ சொன்ன அமைப்பை அப்படியே எடுத்துப் போட்டால் இவை இரண்டும் காலை வாரும்.

ஒன்று குற்றியலுகரம். விளக்கு, பாட்டு, வந்தது, இருட்டு என்று நம் சொற்களில் எத்தனையோ அரை மாத்திரை உகரத்தில் முடிகின்றன. உதடு குவியாமல், மூச்சு இறங்கும்போது வரும் ஒலி அது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் இன்னும் மெலிந்துவிடும். “இருட்டு” என்பதில் “இரு” −14இல் இருக்கும்போது “டு” −34க்கு இறங்கிவிடுவது அதனால்தான். கேட் முதலில் விழுங்குவது இந்த உகரத்தைத்தான். கதை கேட்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு வாக்கியமும் பாதியில் அறுந்தது போல இருக்கும்.

மற்றொன்று ஒற்று. “இருட்டு”, “முழுக்க”, “அப்பா” என்று சொல்லும்போது ட், க், ப் ஒலிக்கும் கணத்தில் காற்று முழுதும் அடைபட்டு நிற்கிறது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சொல்லின் நடுவிலேயே ஒரு சின்ன வெற்றிடம் தெரியும். நிதானமாக வாசிப்பவர்களிடம் அது 150, 200 மில்லி செகண்டு வரைகூட நீளும். கேட் அதைப் பேச்சு முடிந்த இடைவெளி என்று எடுத்துக்கொண்டு கதவை மூடும், அடுத்த எழுத்துக்குத் திறக்கும். “இருட்டு” என்ற ஒரே சொல்லுக்குள் ஃபேன் சத்தம் அணைந்து எரிகிற மாதிரி ஒரு துடிப்பு வந்துவிடும். குரல் கெட்டுப்போகிறது என்று நீங்கள் சொல்வதில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

### கேட்டுக்குப் பொருந்தும் ஹாரன்

மூன்றாவது ஹாரனைப் பாருங்கள். −42. உங்கள் மெலிந்த “டு”வோ −34. இரண்டுக்கும் நடுவே 8 டெசிபல் இடைவெளி இருக்கிறது. இங்கே எல்லையை −38இல் வைக்கலாம். உகரம் தப்பும், ஹாரன் அடங்கும். ஆகவே கேட்டைத் தேர்ந்தெடுக்க ஒரே விதி போதும்: இடைவெளியில் விழுந்த ஹாரன், உங்கள் மிக மெலிந்த சொல்முடிவைவிடக் குறைந்தது 6 டெசிபலாவது கீழே இருக்க வேண்டும். அதைவிட நெருங்கிவிட்டால் எல்லையை எங்கே வைத்தாலும் ஒன்று அறுபடும், அல்லது மற்றொன்று நுழையும். மெயின் ரோட்டு வாசலில் அந்த 6 டெசிபல் கிடைப்பது அபூர்வம். இரண்டு தெரு உள்ளே தள்ளியிருக்கும் வீடு, கொல்லைப்புற அறை என்றால் பல நேரம் கிடைக்கும்.

`Noise Gate` பெட்டியில் இந்த வாசிப்புக்கு நான் வைக்கச் சொல்வது: `Gate threshold` −38, `Level reduction` −10, `Attack` 10, `Hold` 250, `Decay` 200. இதில் `Hold` எண்ணைக் குறைக்கவே கூடாது. சத்தம் எல்லைக்குக் கீழே போன பிறகும் 250 மில்லி செகண்டு கதவு திறந்திருப்பதால், ஒற்றின் வெற்றிடத்தை அது தாண்டிவிடும். `Level reduction` −10 என்றால் சத்தம் பத்து டெசிபல் மட்டும் தணியும், முழுதாக அணையாது. −60, −80 என்று வைத்தால் ஒவ்வொரு இடைவெளியும் குழியாகக் கேட்கும். ஹெட்போனில் அது உடனே உறுத்தும். பத்து டெசிபலில் தொலைதூர ஹாரன் −52க்கு இறங்கிவிடும். கதை கேட்பவர் காதில் அது பதியாது. இங்கே ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். சொல் முடிந்து 250 மில்லி செகண்டுக்குள் அந்த ஹாரன் தொடங்கினால், அதன் தலைப்பகுதி திறந்த கதவில் நுழைந்துவிடும். அப்படி ஒன்றிரண்டு இருந்தால் கையால் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக `Hold`ஐக் குறைக்க வேண்டாம்.

### நாய்ஸ் ரிடக்‌ஷன் என்ன செய்கிறது

இது அளவை மட்டும் பார்க்கும் கருவி இல்லை. ஒலியைப் பல நூறு சின்னச் சின்ன அலைவெண் பட்டைகளாகப் பிரித்துக்கொள்கிறது. நீங்கள் `Get Noise Profile` கொடுக்கும் துண்டில் ஒவ்வொரு பட்டையிலும் இரைச்சல் எவ்வளவு என்று கற்றுக்கொள்கிறது. பிறகு முழுப் பதிவிலும், எந்தப் பட்டையில் ஒலி அந்த அளவைத் தாண்டவில்லையோ அதைத் தணிக்கிறது. ஃபேன் முதல் நிமிடம் எப்படி இருந்ததோ பத்தாவது நிமிடமும் அப்படியே இருக்கிறது. அதனால் கற்ற பாடம் செல்லும். ஹாரன் அப்படி இல்லை. இரண்டு செகண்டு இருந்துவிட்டுப் போய்விடுகிறது, அடுத்த வண்டியின் ஹாரன் வேறு சுருதி. ஃபேனை மட்டும் கற்றுக்கொண்ட கருவிக்கு, −19இல் வரும் ஹாரன் உங்கள் குரலைப் போலவே தாண்டிப் போகும் ஒலி. தொடாமல் விட்டுவிடும்.

அப்படியானால் ஹாரனையே கற்றுக்கொடுத்தால் என்ன என்று தோன்றும். பலரும் செய்கிற தவறு இது. கார் ஹாரனின் அடிச்சுருதி பெரும்பாலும் 400, 500 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். அதன் மடங்குகள் 3000க்கு மேலும் வலுவாக ஏறும். நம் உயிரெழுத்துகளின் உடம்பும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஹாரனைப் பாடமாகக் கொடுத்து முழுப் பதிவிலும் ஓட்டினால், ஹாரனே இல்லாத இடங்களிலும் அந்தப் பட்டைகளில் குரல் தணிக்கப்படும். குழாய்க்குள் வாய் வைத்துப் பேசுகிற மாதிரி ஆகிவிடும், சொல்முடிவுகளில் தண்ணீர் சலசலப்பது போல ஒரு கிணுகிணுப்பு ஒட்டிக்கொள்ளும். ஹாரனோ அப்போதும் முழுதாகப் போயிருக்காது.

ஃபேனுக்கு அது செய்யும் வேலை நல்ல வேலை. ஃபேன் மட்டும் ஓடும் 2, 3 செகண்டைப் பாடமாகக் கொடுங்கள். அதற்குள் ஹாரனின் வால்கூட இருக்கக் கூடாது. பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து `Noise reduction` 9, `Sensitivity` 6, `Frequency smoothing` 6 என்று தொடங்கலாம். அதே பெட்டியில் `Residue` என்று ஒரு தேர்வு உண்டு. அதை அழுத்தி `Preview` கேட்டால், கருவி எதை வெளியே எறியப்போகிறது என்பது மட்டும் ஒலிக்கும். அங்கே வெறும் காற்றுச் சத்தம் கேட்டால் சரி. உங்கள் சொற்கள் மெல்லியதாகப் புரிகிற அளவுக்குக் கேட்டால் குரலையும் சேர்த்து எறிகிறீர்கள். `Sensitivity`ஐ ஒரு புள்ளி குறையுங்கள். பார்த்து முடித்ததும் `Reduce`க்குத் திரும்ப வந்த பிறகே `OK` கொடுக்க வேண்டும். மறந்துவிட்டால் கதை போய்க் காற்று மட்டும் மிஞ்சும்.

பதிவின் நடுவில் கரண்ட் போய் வீடு இன்வெர்ட்டருக்கு மாறியிருந்தால், ஒரே பாடம் இரண்டு பகுதிக்கும் செல்லாது. சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும் ஃபேன் உறுமும். வேகத்தைக் கூட்டிக் குறைத்தாலும் சத்தத்தின் நிறம் மாறிவிடும். மாறிய இடத்தில் பதிவைப் பிரித்து, அந்தந்தப் பகுதியிலிருந்தே புதிதாகப் பாடம் எடுங்கள்.

ஃபேன் −46இலிருந்து −55க்கு இறங்கிய பிறகு முதல் ஹாரன் இன்னும் துருத்திக்கொண்டு நிற்கும். கேட்டில் நடந்த அதே கதைதான். அதனால்தான் ஹாரன் வேலையை முதலில் முடித்துவிட வேண்டும்.

### இடைவெளியில் விழுந்த ஹாரன்

“வந்தாள்”க்குப் பிறகு வந்த −19 ஹாரனுக்கு எந்த எஃபெக்டும் வேண்டாம். அது இருக்கும் இடத்தில், உங்கள் அறையின் சும்மா சத்தத்தை வைத்து ஒட்டுப்போட வேண்டும். துணியில் கிழிசலுக்கு அதே துணியில் ஒட்டுப்போடுகிற வேலைதான்.

ஹாரன் துண்டைத் தேர்ந்தெடுக்கும்போது அலை அடங்கியதாகத் தெரியும் இடத்தோடு நின்றுவிடாதீர்கள். மொசைக் தரையும் காரைச் சுவரும் உள்ள அறையில் ஹாரனின் எதிரொலி மேலும் அரை செகண்டு தொங்கும். டிராக்கின் பெயரருகே உள்ள மெனுவில் `Spectrogram` காட்சிக்கு மாறினால் அந்த வால் மங்கிய கிடைக்கோடுகளாகத் தெரியும். அது முடியும் இடம் வரை சேர்த்து எடுங்கள். 1.8 செகண்டு என்று வைத்துக்கொள்வோம். இப்போது அதே பதிவில் ஃபேன் மட்டும் ஓடும் வேறோர் இடத்தில் 1.8 செகண்டை நகலெடுத்து, ஹாரன் துண்டின் மேல் ஒட்டுங்கள். நீளம் சமமாக இருந்தால் உங்கள் வாசிப்பின் நடை மாறாது. ஒட்டிய இரு விளிம்பிலும் ‘டக்’ என்று கேட்டால், விளிம்பு விழும் இடத்தைச் சில மில்லி செகண்டு நகர்த்துங்கள். `Z` விசையை அழுத்தினால் தேர்வின் விளிம்புகள் அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடத்துக்கு நகர்ந்து நிற்கும். வெட்டுவதற்கு முன்பே அழுத்திவிட்டால் அந்த ‘டக்’ பெரும்பாலும் வராது.

`Silence` கொடுத்து வெறுமையாக்குவது வேலையைச் சுலபமாக்குவது போல இருக்கும். ஃபேன் திடீரென்று நின்று திடீரென்று ஓடுவதாகக் கேட்பவருக்குத் தெரிந்துவிடும். அரை செகண்டு ஃபேன் சத்தத்தை நான்கு முறை திரும்பத் திரும்ப ஒட்டினாலும் அந்தச் சுழற்சியைக் காது பிடித்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு நாளும் வாசிக்கத் தொடங்கும் முன், 30 செகண்டு சும்மா உட்கார்ந்து அறையை மட்டும் பதிவு செய்துவிடுங்கள். அதில் ஹாரன் விழுந்தால் இன்னொரு 30 செகண்டு. ஒட்டுத் துணியும் அதுதான், Noise Reductionக்கான பாடமும் அதுதான்.

### சொல்லின் மேல் விழுந்த ஹாரன்

“பாதை முழுக்க” மேல் விழுந்ததற்கு நல்ல தீர்வு ஒன்றுதான்: அந்த வாக்கியத்தைத் திரும்ப வாசிப்பது. ஹாரன் கேட்ட உடனே வாசிப்பை நிறுத்துங்கள். அது ஓய்ந்து இரண்டு செகண்டு போகட்டும். ஒருமுறை கை தட்டுங்கள். அலைவடிவத்தில் ஊசிபோல ஒரு கோடு நிற்கும், பிறகு தேட வேண்டியதில்லை. “ஆற்றுக்குப் போகிற” என்று வாக்கியத்தின் தலையிலிருந்து வாசியுங்கள். “பாதை முழுக்க” என்ற இரண்டு சொல்லை மட்டும் தனியாக வாசித்து ஒட்டினால் குரலின் ஏற்ற இறக்கம் பொருந்தாது. தமிழில் வாக்கியத்தின் நடுச்சொல்லுக்கு உள்ள சுருதி தனியாகச் சொன்னால் வராது. மறுநாள் வாசித்து ஒட்டுவதும் அதே காரணத்தால் கஷ்டம். தொண்டையும் மைக்குக்கும் உங்களுக்கும் உள்ள தூரமும் மாறியிருக்கும்.

திரும்ப வாசிக்க முடியாத பதிவும் இருக்கும். பாட்டி சொன்ன கதை, ஒருமுறை மட்டும் கிடைத்த பேச்சு மாதிரி. அங்கே இரண்டு வழி இருக்கிறது. இரண்டுமே ஹாரனைத் தள்ளி வைக்குமே தவிர, துடைத்து எடுக்காது.

முதல் வழியில் Noise Reductionக்கு அதன் குறுகிய இடம் கிடைக்கிறது. ஹாரன் குரலுக்கு முன்பே தொடங்கி, ஒரு கால் செகண்டாவது தனியாக ஒலித்திருந்தால், அந்தத் தனித் துண்டை மட்டும் பாடமாகக் கொடுங்கள். பிறகு குரலும் ஹாரனும் சேர்ந்திருக்கும் அந்த ஒன்றரை செகண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, 6 முதல் 9 டெசிபல் வரை தணியுங்கள். பதிவின் மற்ற இடத்தைத் தொடவே கூடாது. நின்றுகொண்டிருக்கும் காரோ ஆட்டோவோ ஒரே சுருதியில் அடிக்கும் ஹாரனுக்கு இது ஓரளவு கைகொடுக்கும். முடிந்த கையோடு ஃபேன் பாடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். கருவியின் நினைவில் கடைசியாகக் கொடுத்த பாடம்தான் இருக்கும்.

ஓடும் பஸ்ஸுக்கு அந்த வழி தோற்கும். பஸ் நெருங்கும்போது ஹாரனின் சுருதி ஏறியும், தாண்டிய பிறகு இறங்கியும் கேட்கும். மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் பஸ்ஸின் 420 ஹெர்ட்ஸ் ஹாரன், வரும்போது ஏறக்குறைய 434இல் கேட்டு, போகும்போது 407க்கு இறங்கிவிடும். சங்கீதத்தில் சொன்னால் ஒரு சுரஸ்தானம். நெருங்கும்போது எடுத்த பாடம் தாண்டிய பிறகு பொருந்துவதில்லை. சுரம் மாறி மாறி ஒலிக்கும் ஹாரனைப் பொருத்தக் கூடாது என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆம் விதி சொல்கிறது. ரோட்டில் அது ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கும் இந்தப் பாடம் செல்லாது.

அதற்கு இரண்டாவது வழி, கண்ணால் பார்த்துத் தணிப்பது. `Spectrogram` காட்சியில், அதன் அமைப்புகளில் `Window size` 4096 வைத்து, `Spectral selection` தேர்வை இயக்கிவிடுங்கள். குரலின் கோடுகள் பாம்பு போல நெளியும், ஏனென்றால் பேசும்போது சுருதி ஓயாமல் அசைகிறது. ஹாரனின் கோடுகள் ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல நேராக இருக்கும், பஸ் வாசலைத் தாண்டும் இடத்தில் மட்டும் சரியும். மிகப் பிரகாசமான கோட்டைச் சுற்றி, மேலும் கீழும் 20 ஹெர்ட்ஸ் மட்டும் பிடித்து `Spectral edit parametric EQ`இல் −18 கொடுங்கள். கோடு சரியும் இடத்தில் தேர்வை இரண்டு மூன்று துண்டாக நேர வாக்கில் பிரித்துக்கொள்ளுங்கள். உயரமான மடங்குகளில் சரிவும் மடங்காகிறது. அடிச்சுருதி 27 ஹெர்ட்ஸ் இறங்கினால் மூன்றாவது மடங்கு 81 இறங்கும். அங்கே துண்டுகள் இன்னும் பொடியாக வேண்டும். நான்கைந்து பிரகாசமான கோடுகளோடு நிறுத்திவிடுங்கள். எல்லாக் கோட்டையும் எடுக்கப் போனால் “பாதை”யின் ஆகாரமே ஓட்டையாகிவிடும். தெருவில் ஹாரன் அடித்தது என்று தெரிந்தாலும் சொல் புரிந்தால் போதும்.

### எந்த வரிசையில்

ஹாரனுக்குப் போடும் ஒட்டுகளும் திரும்ப வாசித்த வாக்கியங்களும் முதலில். அப்போது ஒட்டுத் துணியும் பதிவும் ஒரே ஃபேன் சத்தத்தில் இருக்கும். அடுத்து முழுப் பதிவுக்கும் Noise Reduction. அதன் பிறகும் தொலைதூர ஹாரன்கள் மிச்சமிருந்தால் கேட். எல்லையை அப்போது மறுபடி அளந்து வையுங்கள், உகரத்தின் அளவும் சற்று இறங்கியிருக்கலாம். கம்ப்ரெஸரும் சத்தத்தை ஏற்றும் வேலையும் கடைசி. கம்ப்ரெஸரை முதலில் போட்டால் உரத்த குரல் தணிந்து, ஃபேனும் தொலைதூர ஹாரனும் மேலே ஏறும். −34க்கும் −42க்கும் நடுவே இருந்த 8 டெசிபல் சுருங்கிவிடும். கேட்டுக்கு நிற்க இடமே இருக்காது.

அந்த இடைவெளியைப் பதிவின்போதே பெரிதாக்கலாம். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும், ரோட்டுச் சத்தம் அப்படியே இருக்கும். 40 சென்டிமீட்டரில் வைத்திருக்கும் மைக்கை 10க்குக் கொண்டுவந்தால் கூடுவது 12 டெசிபல். பதிவின் அளவை அதற்கேற்பக் குறைத்துக்கொண்டால், −19இல் விழுந்த ஹாரன் −31க்குப் போய்விடும். மைக் ஒரு பக்கத்தை மட்டும் கேட்கும் வகையானால், அதன் முதுகு ரோட்டுப் பக்க ஜன்னலைப் பார்க்கட்டும். 10 சென்டிமீட்டரில் ‘ப’ வரும்போது மூச்சு மைக்கில் மோதும், அதனால் மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்று ஓரமாக வையுங்கள்.

ஹாரனுக்குப் பயந்து இரவு பதினொரு மணிக்கு மேல் பதிவு செய்வதாக இருந்தால் மாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் வயலும் வாய்க்காலும் நிரம்பியதும் தவளைகள் பிடித்துக்கொள்ளும். சில்வண்டின் ரீங்காரம் ஒரே சீரான, ஒடுங்கிய பட்டையில் இருப்பதால் Noise Reduction அதைக் கற்றுக்கொள்ளும். தவளை விட்டு விட்டுக் கத்துவதால் அதுவும் ஹாரன் கணக்கில்தான் சேரும். மார்கழியில் விடியற்காலை நாலரைக்கெல்லாம் கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். அந்த மாதம் இரவு பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரைதான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம்.